பாக்கிப் பட்டியல் வழியாக எக்செல்: அலுவலகக் கணக்கில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பிறையில் அட்டைப்பெட்டியும் ஒட்டும் டேப்பும் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் கிராணியாகச் சேர்ந்தவன் நான். இன்று பினாங்கில் ஒரு கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் மடிக்கணினியோடு உட்காருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

எக்செல் பாடங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை, அண்ணா.

சூத்திரங்களின் பட்டியலை ஒதுக்கிவையுங்கள். உங்கள் அலுவலகத்தில் மாதந்தோறும் யாரோ ஒருவர் கேட்டு வாங்கும் ஓர் அறிக்கையைத் தேர்ந்தெடுத்து, அதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நீங்களே கட்டுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுப்பது பாக்கிப் பட்டியல். எந்த வாடிக்கையாளர் எவ்வளவு தர வேண்டும், அது தவணை கடந்து எத்தனை நாளாகிறது என்று பிரித்துக் காட்டும் பட்டியல். அலுவலகத்தில் ஏஜிங் என்பார்கள்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தரவைச் சுத்தம் செய்வது, ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு விவரம் எடுப்பது, நிபந்தனையோடு கூட்டுவது, தேதிக் கணக்கு, சுருக்க அட்டவணை என்று கணக்கு வேலைக்குத் தேவையான ஐந்தும் இந்த ஒரே பட்டியலில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன. அதோடு, முதலாளி திங்கட்கிழமை காலையில் முதலில் கேட்பதும் இதைத்தான்.

எங்கள் கணக்கு மென்பொருளே ஏஜிங் அறிக்கை தருகிறதே. பிறகு எதற்கு இந்தப் பாடு?

தருகிறது. ஆட்டோகவுன்ட், எஸ்க்யூஎல் அக்கவுன்ட் போன்ற மென்பொருள்கள் எல்லாமே தரும். ஆனால் அந்த அறிக்கை நாட்களை இன்வாய்ஸ் தேதியிலிருந்து எண்ணுகிறதா, தவணை முடிந்த தேதியிலிருந்து எண்ணுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குப் பதில் தெரியாது. 60 நாள் தவணை பெற்ற வாடிக்கையாளரை முதல் வகையில் எண்ணினால், அவர் இன்னும் கெடுவுக்குள் இருக்கும்போதே கடன் பாக்கிக்காரராகத் தெரிவார். அவரிடம் தொலைபேசியில் கடுமையாகப் பேசிவிட்டால் உறவு போய்விடும்.

எந்த இன்வாய்ஸுக்கு என்று குறிக்காமல் வந்த பணமும் இப்படித்தான். மென்பொருள் அதை ஒரு மூலையில் தனியாக வைத்துவிட்டு, பழைய இன்வாய்ஸை முழுத் தொகையோடு காட்டிக்கொண்டிருக்கும். பட்டியலை ஒரு முறையாவது கையால் கட்டியவருக்குத்தான் மென்பொருளின் அறிக்கையை நம்புவதா, கேள்வி கேட்பதா என்று தெரியும்.

இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தாள் வைத்திருக்கிறோம். அப்படியே தொடரலாமா?

வேண்டாம். நாற்பது வாடிக்கையாளர்களுக்கு நாற்பது தாள் என்றால், மொத்தப் பாக்கி எவ்வளவு என்ற ஒரு கேள்விக்கு நாற்பது இடத்தில் தேட வேண்டும். தாள் என்பது பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கும் தவறு இது. ஒரே வகையான தகவல் அனைத்தும் ஒரே தாளில், ஒரு நிகழ்வுக்கு ஒரு வரிசை என்று இருக்க வேண்டும். நடுவில் காலி வரிசை கூடாது; இணைத்த செல்கள் கூடாது; மாதத் தலைப்பு, இடைக் கூட்டல் எதுவும் கூடாது.

நமக்கு நான்கு தாள்கள் போதும். `Customers` தாளில் வாடிக்கையாளர் குறியீடு, பெயர், தவணை நாட்கள். `Invoices` தாளில் A முதல் D வரை இன்வாய்ஸ் எண், வாடிக்கையாளர் குறியீடு, தேதி, தொகை. `Receipts` தாளில் தேதி, வாடிக்கையாளர் குறியீடு, இன்வாய்ஸ் எண், தொகை, வகை. சரக்குத் திரும்பியதற்காகக் கொடுக்கும் கிரெடிட் நோட்டும் இந்தத் தாளில்தான் வரும். வகை என்ற கடைசி நெடுவரிசை அதற்காகத்தான். `Settings` தாளில் தட்டுவது ஒரே ஒரு செல்: எந்தத் தேதி நிலவரப்படி பட்டியல் என்பது.

தட்டச்சு செய்வது இந்த இடங்களில் மட்டுமே. மற்ற எல்லாம் சூத்திரமாக இருக்க வேண்டும். தாள்களை அமைத்ததும் உள்ளே ஒரு செல்லில் நின்று `Ctrl+T` அழுத்தி அட்டவணையாக மாற்றிக்கொள்ளுங்கள். புதிய வரிசை சேர்த்தால் சூத்திரம் தானாக நீளும். ‘கடைசி பத்து வரிசைக்குச் சூத்திரத்தை இழுக்க மறந்துவிட்டேன்’ என்ற பிழை அதோடு ஒழியும்.

SUM போட்டால் தொகை குறைவாக வருகிறது. ஒவ்வொன்றாகக் கூட்டினால் அதிகம். எக்செலில் கோளாறா?

கோளாறு எக்செலில் இல்லை. சில செல்களில் இருப்பது எண் போலத் தெரியும் எழுத்து. `RM 1,250.00` என்று யாராவது முன்னால் ரிங்கிட் குறியைத் தட்டிவிட்டால், அந்தச் செல் எழுத்தாகிவிடலாம். SUM எழுத்தைச் சத்தமின்றி விட்டுவிட்டு மற்றதைக் கூட்டும். எச்சரிக்கை எதுவும் தராது. இணைய வங்கிப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும் தொகைகளும் அடிக்கடி இப்படி வரும்.

கண்ணால் கண்டுபிடிக்க ஒரு வழி: நெடுவரிசைக்கு எந்த ஒழுங்கமைப்பும் தராமல் விட்டால் எண்கள் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைப்பவர்கள் இந்தத் தடயத்தைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். கண்ணை நம்பாமல் இருக்க இன்னொரு வழி:

```
=COUNTA(D2:D121)-COUNT(D2:D121)
```

COUNTA காலியாக இல்லாத எல்லாச் செல்களையும் எண்ணும். COUNT எண்களை மட்டும் எண்ணும். விடை 0 என்றால் நிம்மதி. 3 என்றால் மூன்று செல்கள் எழுத்தாக இருக்கின்றன. `Find & Replace` மூலம் RM என்பதை நீக்குங்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், ஒரு காலிச் செல்லில் 1 என்று தட்டி அதை நகலெடுத்து, தொகைகள் மேல் `Paste Special` சென்று `Multiply` தேர்ந்தெடுங்கள். பெருக்கியதும் எழுத்து எண்ணாகிவிடும்.

சில நேரம் அதுவும் பலிக்காது. இணையப் பக்கத்திலிருந்து வரும் ஒரு வகை இடைவெளி சாதாரண இடைவெளி போலத் தெரிந்தாலும் வேறு குறி. TRIM அதைத் தொடாது. அதற்கு:

```
=TRIM(SUBSTITUTE(B2,CHAR(160)," "))
```

இதன் விடை எழுத்தாகவே இருக்கும் என்பதால், தொகைச் செல்லுக்கு `=VALUE(TRIM(SUBSTITUTE(D2,CHAR(160)," ")))` என்று போடுங்கள். இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் குறியீடு கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தாமல் போகும்போதெல்லாம் முதலாவது கை கொடுக்கும்.

தேதிகள் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நிற்கின்றன. தேதி தெரிகிறதே, அதில் என்ன கெட்டுவிட்டது?

மிகப் பெரிய கெடுதல் இதில்தான் இருக்கிறது. நாம் மலேசியாவில் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது மாதம், நாள், ஆண்டு என்று படிக்கும். 18/04/2025 என்பதைப் படிக்கும்போது 18ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எழுத்தாகவே விட்டுவிடும்; அது இடப்பக்கம் நிற்கும். 05/04/2025 என்பதை மே 4 என்று மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டு வலப்பக்கம் நிறுத்தும். இடப்பக்கம் நிற்பதுதான் தவறு என்று நாம் அதைத் திருத்தப் போவோம். உண்மையில் ஆபத்தானது வலப்பக்கம் ஒழுங்காக நிற்பது.

ஓர் உதாரணம். K014 என்ற வாடிக்கையாளருக்கு ஏப்ரல் 5ஆம் தேதி 4,860 ரிங்கிட்டுக்கு இன்வாய்ஸ். தவணை 30 நாள். கெடு மே 5. ஜூன் 30 நிலவரப்படி 56 நாள் தாமதம். அதே தேதியைக் கணினி மே 4 என்று படித்திருந்தால் கெடு ஜூன் 3 ஆகும்; தாமதம் 27 நாள் என்று காட்டும். இரண்டு மாதத்தை நெருங்கிய பாக்கி, ஒரு மாதத்துக்குள் இருக்கும் பாக்கியாக ஒளிந்துகொள்கிறது. யாருக்கும் சந்தேகமே வராது.

கண்டுபிடிக்க, பக்கத்தில் `=MONTH(C2)` போட்டு இறக்குங்கள். இன்வாய்ஸ் எண்கள் வரிசையாக ஏறும்போது மாதமும் அதோடு ஏற வேண்டும். 3, 5, 9, 11, #VALUE!, 2 என்று குதித்தால் தேதிகள் புரண்டிருக்கின்றன. அந்தத் தாளையே ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். எது புரண்டது, எது புரளவில்லை என்று பிரிப்பதற்குள் புதிய பிழைகள் சேர்ந்துவிடும். மூலக் கோப்புக்குத் திரும்புங்கள். விண்டோஸ் வட்டார அமைப்பை `English (Malaysia)` என்று மாற்றிவிட்டு, `Data` பட்டியில் `From Text/CSV` வழியாக மறுபடியும் கொண்டுவாருங்கள். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கும் பழக்கத்தையும் அன்றோடு விட்டுவிடுங்கள்.

VLOOKUP படிக்க வேண்டுமா, XLOOKUP போதுமா?

எழுதுவதற்கு XLOOKUP, படித்துப் புரிந்துகொள்வதற்கு VLOOKUP. உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போன கோப்புகளில் VLOOKUPதான் இருக்கும். XLOOKUP எக்செல் 2021லும் மைக்ரோசாப்ட் 365லும் உண்டு. 2016, 2019 பதிப்புகளில் கிடையாது.

நம் பட்டியலில் G நெடுவரிசைக்குத் தவணை நாட்களை இப்படி எடுக்கிறோம்:

```
=XLOOKUP(B2,Customers!A:A,Customers!C:C,"NO CODE")
```

குறியீடு கிடைக்காவிட்டால் `NO CODE` என்று கத்தட்டும். அதுதான் நமக்கு வேண்டும். சிலர் பிழை வந்தால் 0 காட்டு என்று எழுதுவார்கள். அப்படிச் செய்தால் தவணை 0 நாள் என்று ஆகி, கணக்கு தவறாக ஓடிக்கொண்டே இருக்கும்.

VLOOKUP எழுத வேண்டியிருந்தால் கடைசியில் FALSE என்பதை விடாதீர்கள். விட்டால் அது ‘ஏறத்தாழப் பொருந்துவது’ என்று எடுத்துக்கொண்டு வேறொருவரின் தவணையைக் கொண்டுவந்து கொடுக்கும்.

ஒரே இன்வாய்ஸுக்கு மூன்று தடவையாகப் பணம் தருகிறார்கள். அதை எப்படிக் கழிப்பது?

இன்வாய்ஸ் வரிசையில் ‘செலுத்தியது’ என்ற செல்லில் `2000+1500` என்று கையால் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். எந்தத் தேதியில் எது வந்தது என்ற தடம் அழிந்துவிடும். ஒவ்வொரு வரவும் `Receipts` தாளில் ஒரு வரிசை. `Invoices` தாளின் E நெடுவரிசை அவற்றைத் தானே பொறுக்கிக் கூட்டட்டும்:

```
=SUMIFS(Receipts!D:D,Receipts!C:C,A2)
```

வாய்விட்டுப் படித்தால் புரியும்: வரவுத் தாளின் தொகைகளைக் கூட்டு, ஆனால் இன்வாய்ஸ் எண் இந்த வரிசையின் A2வோடு ஒத்திருப்பவற்றை மட்டும். F நெடுவரிசையில் மீதி:

```
=ROUND(D2-E2,2)
```

ROUND எதற்கு என்று கேட்பார்கள். கணினி தசமங்களை உள்ளே இரண்டடிமான முறையில் வைப்பதால், முழுவதும் செலுத்திய இன்வாய்ஸில்கூட ஒரு சென்னின் கோடியில் ஒரு பங்கு மீந்து நிற்கலாம். திரையில் 0.00 என்று தெரியும்; ஆனால் ‘மீதி 0 அல்லாதவை’ என்று வடிகட்டினால் அதுவும் வந்து நிற்கும். இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிவிட்டால் தொல்லை இல்லை.

நாட்களை எண்ண TODAY() போடலாமா?

போடாதீர்கள். ஜூன் மாதப் பட்டியலை ஜூலை 9ஆம் தேதி திறந்தால் எல்லாப் பாக்கிக்கும் ஒன்பது நாள் கூடியிருக்கும். நீங்கள் முதலாளியிடம் கொடுத்த காகிதமும் கோப்பும் ஒத்துப்போகாது. `Settings` தாளின் B1 செல்லில் 30/06/2025 என்று நீங்களே தட்டுங்கள். H நெடுவரிசையில் கெடு, `=C2+G2`. I நெடுவரிசையில் தாமதம்:

```
=MAX(0,Settings!$B$1-H2)
```

J நெடுவரிசையில் எந்தப் பிரிவு என்பது:

```
=IF(I2=0,"A Current",IF(I2<=30,"B 1 to 30",
 IF(I2<=60,"C 31 to 60",
 IF(I2<=90,"D 61 to 90","E Over 90"))))
```

முன்னால் A, B, C என்று எழுத்து வைத்ததற்குக் காரணம், பின்னால் சுருக்க அட்டவணையில் பிரிவுகள் தாமாகவே சரியான வரிசையில் நிற்கும். `1-30` என்று கோடு போட்டு எழுதாததற்கும் காரணம் உண்டு: அப்படி ஒரு செல்லில் தட்டினால் எக்செல் அதைத் தேதி என்று நினைத்துக்கொள்ளும்.

மாதம் முடிந்ததும் கோப்பின் ஒரு பிரதியை அந்த மாதப் பெயரில் தனியாக எடுத்து வையுங்கள். வருமான வரிச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

பட்டியல் சரிதானா என்று மேலாளர் கேட்டால் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ‘எக்செல் போட்டது, சரியாகத்தான் இருக்கும்’ என்கிறேன்.

கிராணியையும் கணக்காளரையும் பிரிப்பது இந்தக் கேள்விதான். பட்டியலுக்குள்ளேயே நின்று பட்டியல் சரியா என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து ஒரு தொகை வேண்டும். போன மாத முடிவுப் பாக்கி, இந்த மாதம் போட்ட இன்வாய்ஸ்கள், வந்த பணம் ஆகிய மூன்றையும் பேரேட்டிலிருந்து எடுத்து இப்படிக் கணக்கிடுங்கள்:

மே முடிவில் பாக்கி 84,310.50. ஜூன் மாத இன்வாய்ஸ்கள் 61,245.80. கூட்டினால் 145,556.30. வந்த பணமும் கிரெடிட் நோட்டும் சேர்ந்து 57,980.30. கழித்தால் 87,576.00. நம் பட்டியலின் F நெடுவரிசை மொத்தமும் இதே தொகையாக இருக்க வேண்டும்.

பட்டியலில் 89,576.00 வந்தது என்று வையுங்கள். 2,000 கூடுதல். பதறாமல், எந்தப் பக்கம் தவறு என்று முதலில் பாருங்கள். D நெடுவரிசை மொத்தம் பேரேட்டோடு ஒத்துப்போனால் இன்வாய்ஸ்களில் தவறில்லை, தவறு வரவில்தான். அதற்கு ஒரு சோதனை:

```
=SUM(Receipts!D:D)-SUM(Invoices!E:E)
```

வரவுத் தாளில் இருக்கும் பணம் முழுவதும் ஏதோ ஓர் இன்வாய்ஸில் போய்ச் சேர்ந்திருந்தால் விடை 0. இங்கே 2,000 வருகிறது. அப்படியென்றால் ஒரு வரவு எந்த இன்வாய்ஸிலும் ஒட்டாமல் தொங்குகிறது. எது என்று பார்க்க, வரவுத் தாளில் F2 செல்லில்:

```
=COUNTIF(Invoices!A:A,C2)
```

இதைக் கீழே இறக்கினால் எல்லா வரிசையிலும் 1 வர வேண்டும். 0 வந்த வரிசையே நாம் தேடுவது. 2 வந்தால் அதே இன்வாய்ஸ் எண் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. அப்போது ஒரே பணம் இரண்டு வரிசையிலும் கழிந்திருக்கும்.

இது கற்பனைக் கணக்கு என்றாலும் நடந்ததை ஒட்டியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வரவை `INV-25O4-018` என்பதுபோலத் தட்டியிருந்தேன். உற்றுப் பாருங்கள்: நடுவில் இருப்பது பூஜ்யம் அல்ல, ஆங்கில எழுத்து ஓ. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, SUMIFSக்குத் தெரியும். அந்தப் பணம் எதிலும் கழியவில்லை. நான் வாடிக்கையாளரை அழைத்து முழுத் தொகையும் பாக்கி என்றேன். அவர் வங்கிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். பத்து வருடமாக நம்மிடம் வாங்குகிற மனிதர். அன்று மாலை நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு இந்த இரண்டு சோதனையையும் முடிக்காமல் யாரையும் தொலைபேசியில் அழைத்ததில்லை.

இப்படித் தட்டவே முடியாமல் செய்யவும் வழி இருக்கிறது. வரவுத் தாளின் C நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, `Data Validation` சென்று, `List` என்பதில் `=Invoices!$A$2:$A$500` என்று கொடுங்கள். இல்லாத எண்ணைத் தட்டினால் எக்செல் ஏற்காது. ஆனால் ஒட்டும்போது இந்தக் காவல் வேலை செய்யாது என்பதால் COUNTIF சோதனையை விட்டுவிடாதீர்கள்.

பழைய கணக்கர்களின் கைப்பழக்கம் ஒன்றும் சொல்கிறேன். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 540க்குப் பதில் 450 தட்டினால் வித்தியாசம் 90. பேரேடு கையால் எழுதிய காலத்து உத்தி; எக்செலிலும் அப்படியே உதவுகிறது.

பிவட் டேபிள் என்றாலே பயமாக இருக்கிறது.

மேலே சுருக்க அட்டவணை என்று சொன்னது இதைத்தான். இவ்வளவு தூரம் வந்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை. `Insert` பட்டியில் `PivotTable`. வாடிக்கையாளர் குறியீட்டை `Rows` பெட்டியிலும், பிரிவை `Columns` பெட்டியிலும், மீதியை `Values` பெட்டியிலும் இழுத்து விடுங்கள். பட்டியல் தயார். பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: கீழே இருக்கும் தரவை மாற்றினால் பெரும்பாலான பதிப்புகளில் பிவட் தானாக மாறாது. வலச் சொடுக்கில் `Refresh` கொடுக்க வேண்டும். மறந்தால் நேற்றைய தொகையை இன்று அச்செடுத்துக் கொடுப்பீர்கள்.

நான் கோலாலம்பூரில் ஒரு பாதுகாவலர் சேவை நிறுவனத்தில் இருக்கிறேன். சரக்கு விற்பனை இல்லை. இந்தப் பட்டியலில் எனக்கு என்ன மாறும்?

உங்களுக்கு இன்னும் ஒரு நெடுவரிசை கூடுதலாக வேண்டும். அதைச் சேர்ப்பவர்கள் மிகக் குறைவு. பாதுகாவலர் சேவை, சேவை வரிக்கு உட்பட்டது. 2024 மார்ச் 1 முதல் விகிதம் 8 விழுக்காடு. இந்த வரியைப் பொதுவாக வாடிக்கையாளர் பணம் கொடுத்த பிறகுதான் சுங்கத்துறைக்குக் கணக்கில் காட்ட வேண்டும். ஆனால் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 12 மாதம் கடந்தும் பணம் வரவில்லை என்றால், வராத பணத்துக்கான வரியையும் நிறுவனம் கட்ட வேண்டியதாகிறது. ஆகவே:

```
=EDATE(C2,12)
```

விடை ஐந்திலக்க எண்ணாகத் தெரிந்தால் செல்லின் வடிவத்தை `Date` என்று மாற்றுங்கள். மீதி 0 அல்லாத வரிசைகளில், இந்தத் தேதி அடுத்த இரண்டு மாதத்துக்குள் வருபவற்றை வடிகட்டித் தனியாகக் கொடுங்கள். 10,800 ரிங்கிட் இன்வாய்ஸ் என்றால் அதில் 800 வரி. வாடிக்கையாளர் தராவிட்டாலும் கைக்காசில் கட்ட வேண்டிய 800. ‘90 நாளுக்கு மேல்’ என்ற பிரிவில் எல்லாவற்றையும் போட்டுவைத்தால் இது கண்ணில் படாது. நிதி மேலாளரிடம் இந்த வரிசைகளை நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்த மாதம் வரி அறிக்கை தயாரிக்கும்போது உங்களையும் பக்கத்தில் உட்காரச் சொல்வார்.

பவர் குவெரி, மேக்ரோ இவற்றை எப்போது தொடுவது?

ஒரே மாதிரிக் கோப்பை மாதந்தோறும் இறக்கி, ஒரே மாதிரிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று உணரும் மாதத்தில், அந்தச் சுத்தத்தைத் தானே திரும்பச் செய்யும் பவர் குவெரிக்குப் போங்கள். மேலே `From Text/CSV` என்று சொன்னபோதே அதன் வாசலில் நின்றுவிட்டீர்கள். `Load` என்பதற்குப் பதில் `Transform Data` அழுத்தினால் உள்ளே போய்விடலாம். மேக்ரோவுக்கு அவசரமே இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு யாரும் தொடப் பயப்படும் மேக்ரோக்களைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் கூகுள் ஷீட்ஸ்தான் இருக்கிறது.

மேலே உள்ள சூத்திரங்கள் எல்லாம் அதிலும் வேலை செய்யும். தேதிச் சிக்கலுக்கு `File` பட்டியில் `Settings` சென்று `Locale` என்ன என்று பாருங்கள். அது `United States` என்று இருந்தால் மேலே சொன்ன அதே புரட்டு நடக்கும்.

எவ்வளவு நாள் ஆகும்? காசு கட்டி வகுப்புக்குப் போகத்தான் வேண்டுமா?

வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் உட்காருபவர்கள் என் வீட்டில் பத்து வாரத்தில் சொந்தப் பட்டியலைக் கட்டி முடிக்கிறார்கள். முதல் மூன்று வாரமும் தரவைச் சுத்தம் செய்வதிலேயே போய்விடும். அதைச் சுருக்கி சூத்திரத்துக்குத் தாவுபவர்கள் ஐந்தாம் வாரத்தில் மறுபடி அங்கேயே வந்து நிற்பார்கள்.

வகுப்புக்குப் போவதாக இருந்தால் கைக்காசைச் செலவழிக்கும் முன் மனிதவளப் பிரிவில் ஒரு வார்த்தை கேளுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட, சட்டத்துக்கு உட்பட்ட முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாகச் செலுத்துகிறார்கள். ஊழியர் பயிற்சிக்காகவே உள்ள பணம் அது. விண்ணப்பம் வகுப்பு தொடங்கும் முன்பே போக வேண்டும். போய்வந்த பிறகு ரசீதை நீட்டினால் நடக்காது.

வேறு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறேன். இதை எப்படிக் காட்டுவது?

அலுவலகக் கோப்பை எடுத்துச் செல்லாதீர்கள். வாடிக்கையாளர் பெயரும் பாக்கியும் உங்கள் முதலாளியின் இரகசியம். அதைத் திறந்து காட்டினால், நாளைக்குத் தங்களுடையதையும் இவர் காட்டுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். பன்னிரண்டு கற்பனை வாடிக்கையாளர்கள், அறுபது இன்வாய்ஸ்கள் வைத்து வீட்டில் புதிதாக ஒன்று கட்டுங்கள். அதில் ஒரு வரவை வேண்டுமென்றே தவறான எண்ணில் தட்டி வையுங்கள். மடிக்கணினியைத் திறந்து, பேரேட்டுத் தொகையும் பட்டியல் மொத்தமும் ஒத்துப்போகாததை முதலில் காட்டுங்கள். பிறகு அவர் கண் முன்னால் SUM சோதனை, COUNTIF சோதனை, தவறான வரிசை, திருத்தம், வித்தியாசம் 0. இரண்டு நிமிடம் போதும்.

என்னிடம் படித்த ஒரு தங்கை பாயான் லெப்பாசில் இதைத்தான் செய்தாள். எதிரில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: “வித்தியாசம் இல்லாத மாதத்திலும் இந்தச் சோதனையைப் போடுவீர்களா?” அவள் `Settings` தாளைத் திறந்து, சோதனை இரண்டும் அங்கே நிரந்தரமாக உட்கார்ந்திருப்பதைக் காட்டினாள்.